இரண்டு பம்பும் ஒரு மெமோவும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரும்புப் பாகங்களைச் சூடேற்றிப் பதப்படுத்தும் ஒரு தொழிற்சாலையில் நான் பராமரிப்புப் பொறியாளராக இருந்தேன். அங்கே மூன்று உலைகள். மூன்றுக்கும் குளிர்ந்த நீர் அனுப்ப, தகரக் கொட்டகைக்குள் இரண்டு பம்புகள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே பொதுக்குழாய்க்குள் தண்ணீரைத் தள்ளும்.

அவற்றைப் பார்த்துக்கொண்டவர் கோவில்பதாகையிலிருந்து சைக்கிளில் வருவார். என் வயதுதான் இருக்கும். அவருடைய அப்பாவும் அம்மாவும் ஆவடிப் பக்கம் வயல்களில் கூலி வேலை செய்தவர்கள். அந்த வயல்களில் இப்போது மாடி வீடுகள். அதிகம் பேச மாட்டார். பேசினால் சுருக்கமாக இருக்கும்; அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். இந்த இரண்டாவது விஷயம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இரண்டில் ஒரு பம்ப் உடைந்து, அதற்குப் பதில் புதியது வாங்க வேண்டியிருந்தது. நான்தான் தேர்ந்தெடுத்தேன். பழையதைப் போலவே பதினைந்து குதிரைத்திறன், மூன்று கிலோ பிரஷரில் அதே அளவு தண்ணீர். புதியது வந்த வாரமே ஒரு உலைக்குத் தண்ணீர் நின்றுபோய்ப் பெரிய களேபரம் ஆனது. பழைய பம்ப் தானாக நின்றுவிட்டதுதான் காரணம். அதனால் ஒரு தாளில் ‘இரண்டு பம்புகளும் எப்போதும் ஓட வேண்டும்’ என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொட்டகைச் சுவரில் ஒட்டினேன். பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டினேன். அவ்வளவு உறுதி எனக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டகைப் பக்கம் போனபோது, பழைய பம்பின் அடியில் இருந்த சின்னக் குழாயை அவர் சற்றே திறந்து வைத்திருந்தார். வாளியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அதில் அவர் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“தண்ணி வீணாப் போகுது. மூடுங்க,” என்றேன்.

“சூடா கீது மேடம், அதான்…”

“டிபன் பாக்ஸ் கழுவ வெந்நீர் வேணுமா? மூடுங்க.”

மூடினார்.

அடுத்த திங்கட்கிழமை பழைய பம்பின் சீல் போய்விட்டது. சுழலும் தண்டின் வழியே தண்ணீர் வெளியேறாமல் அடைத்திருப்பது அந்தச் சீல்தான். கழற்றிப் பார்த்தால் ரப்பர் கருகி, முகப்பில் வெடிப்பு. மாற்றினோம். மூன்று வாரம் கழித்து, இன்னொரு திங்கட்கிழமை, மறுபடியும் அதேதான். ரப்பர் கருகியது என்றால் பம்ப் தண்ணீரில்லாமல் ஓடியிருக்கிறது என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டகையில் அவர் மட்டும்தான். உள்ளே வரும் வால்வைத் திறக்க மறந்திருப்பார், அல்லது தூங்கியிருப்பார். அவருக்கு மெமோ எழுதினேன்.

படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

“தண்ணி இல்லாம ஓடல மேடம். தண்ணி உள்ளயே மாட்டிகினு ஓடுது.”

“அப்படின்னா?”

“அவ்ளோதான் எனக்குத் தெரியும்.”

மூன்றாவது சீலும் போனது. மனிதவள மேலாளர் இவரைப் பணியிடை நீக்கம் செய்யலாமா என்று கேட்டார். நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். வேலப்பன்சாவடியில் என் வீட்டிலிருந்து அடுத்த ஞாயிறு காலை கிளம்பினேன். உண்மையைச் சொன்னால், நியாயம் விசாரிக்கப் போகவில்லை. அவரைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போனேன்.

அவர் தூங்கவில்லை. வால்வு முழுதும் திறந்திருந்தது. தொட்டியில் தண்ணீர் விளிம்புவரை இருந்தது. இரண்டு பம்புகளும் என் உத்தரவுப்படி ஓடிக்கொண்டிருந்தன. ஞாயிறு என்பதால் ஒரே ஒரு உலைதான் வேலையில் இருந்தது. மற்ற இரண்டின் வால்வுகளும் மூடியிருந்தன.

“ரெண்டு உலை வால்வயும் இப்பதான் மூடுனேன். கைய வச்சிப் பாருங்க,” என்றார்.

புதிய பம்பின் உடல் குளிர்ந்திருந்தது. பழையது வெதுவெதுப்பாக இருந்தது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி வைத்தேன். உடனே கையை எடுத்துக்கொண்டேன்.

“நிறுத்தட்டுமா மேடம்?” என்று கேட்டார். சுவரில் இருந்த தாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “நீங்க சொன்னாதான்.”

“நிறுத்துங்க.”

நிறுத்தினார். நான் பொதுக்குழாயின் கேஜைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பம்ப் நின்றால் பிரஷர் குறைய வேண்டும். முள் நான்கு கிலோவில் நின்றிருந்தது. நிறுத்திய பிறகும் நான்கிலேயே நின்றது. கண்ணாடியைத் தட்டிப் பார்த்தேன். நான்குதான்.

“அது சும்மா சுத்திகினு இருந்துச்சு,” என்றார். “புதுசு தள்ற தள்ளுல இது வாயே தொறக்கல.”

மறுபடி போடச் சொல்லி, பழைய பம்பின் வாயருகே இருந்த கேஜைப் பார்த்தேன். 3.6. அதன் முழு பலமே அவ்வளவுதான். அதற்கும் பொதுக்குழாய்க்கும் நடுவே தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு ஒன்று உண்டு. அந்தப் பக்கம் நான்கு இருக்கும்போது இந்தப் பக்கத்து 3.6 அதைத் திறக்காது. மோட்டார் இழுத்த மின்சாரம் உள்ளே சிக்கிய சில லிட்டர் தண்ணீரைச் சுட வைக்க மட்டுமே பயன்பட்டது.

அலுவலகத்துக்குப் போய், எந்தப் பிரஷரில் எவ்வளவு தண்ணீர் தரும் என்று காட்டும் இரண்டு பம்புகளின் வரைபடங்களையும் எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக வரைந்தேன். இரண்டு கோடுகளும் மூன்று கிலோவில் சந்தித்தன. வாங்கும்போது நான் பார்த்தது அந்த ஒரு புள்ளியை. மூன்று உலைகளும் ஓடும்போது பிரஷர் அங்கேதான் இருக்கும். பம்புகள் சுமையை ஏறக்குறைய சமமாகப் பிரித்துக்கொள்ளும். தண்ணீர்த் தேவை குறைந்து பிரஷர் ஏற ஏற, புதியதின் கோடு செங்குத்தாக மேலே போனது. பழையதின் கோடு சற்றே ஏறி முடிந்துவிட்டது. பங்கு முழுவதும் புதியதுக்கே போனது. அந்தக் குறைந்த ஓட்டத்தில் புதியதின் திறனும் பாதிக்குப் பக்கத்தில்தான். இருந்தாலும் அது தண்ணீரையாவது அனுப்பியது.

அவர் திறந்து வைத்த சின்னக் குழாய் நினைவுக்கு வந்தது. சூடான தண்ணீர் அதன் வழியே வெளியேற, தொட்டியிலிருந்து புதிய தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது. அத்தனை ஞாயிறுகளிலும் சீலைக் காப்பாற்றியது அதுதான். சுவர்த் தாளும் என்னுடையது, குழாயை மூடச் சொன்னதும் நான்தான். மூன்று சீல்களையும் நானே எரித்திருக்கிறேன்.

அன்றே தாளைக் கிழித்தேன். ஒரு உலை மட்டும் ஓடினால் புதிய பம்ப் மட்டும் போதும்; பிரஷர் இறங்கினால் பழையது தானாக ஓடும்படி ஒரு ஸ்விட்ச் பொருத்தினோம். உலைக்குத் தண்ணீர் நிற்குமோ என்ற என் பயத்துக்கும் அதுவே மருந்தானது. அதன் பிறகு திங்கட்கிழமைகளில் எதுவும் ஒழுகவில்லை.

மெமோதான் சிக்கலாக இருந்தது.

“மெமோவை வாபஸ் வாங்க வழியில்ல. முடிச்சு வைக்கலாம்,” என்றார் மனிதவள மேலாளர்.

“முடிச்சு வச்சா அவர் பேர்லதானே இருக்கும்?”

“ஃபைல்ல இருக்கும்.”

தவறான உத்தரவு என்னுடையது என்று எழுதி, அதையும் ஃபைலில் சேர்க்கச் சொன்னேன். உங்கள் வருடாந்திர மதிப்பீட்டைப் பாதிக்கும் என்றார். பாதித்தது.

கடிதத்தின் நகலைக் கொட்டகைக்கு எடுத்துப் போய்க் கொடுத்தேன். ஆங்கிலத்தில் இருந்தது. வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

“தமிழ்ல எழுதித் தர்றீங்களா மேடம்? மெமோ வந்த அன்னிக்கு ஊட்ல அழுதாங்க. இத்த அவங்களே படிக்கணும்.”

அங்கேயே, பம்ப் அடித்தளத்தின் சிமெண்ட் விளிம்பில் உட்கார்ந்து எழுதினேன். ‘பழுதுக்குக் காரணம் இவர் அல்ல, நான்’ என்ற வரிக்கு வந்தபோது இரண்டு முறை அடித்துத் திருத்தினேன். அவர் பொறுமையாக நின்றார். வாங்கி முழுவதும் படித்தார். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு அன்றைய பிரஷரைப் பதிவேட்டில் குறிக்கப் போனார்.