கொசு பேட்டும் கட்டில் காவலும்

அந்த வீட்டில் மருமகளுக்கு இடிதாங்கி என்று பேர். வைத்தவர் மாமியார். யார் மேல் யாருக்குக் கோபம் வந்தாலும் கடைசியில் அவள் தலையில்தான் விடியும். பகல் முழுக்கத் தையல் மெஷின், பொழுது சாய்ந்தால் கொசு. நிம்மதியாகக் கண்ணை மூடி எத்தனை நாளாயிற்று என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

மாமியாருக்கு மூச்சுத்திணறல் அதிகமாகி, ஆக்சிஜன் மெஷினும் மூக்கில் குழாயும் வந்து சேர்ந்தன. மெஷினை வைத்துப் போனவர் சொன்னார்: "ஆக்சிஜன் தானா எரியாதும்மா. ஆனா போர்வை, தலகாணில எல்லாம் சேர்ந்து நிக்கும். சின்னப் பொறி பட்டாலும் குப்புனு பிடிச்சிடும்." அன்றைக்கே கொசு பேட்டையும், கொசுவைக் கொல்லுமென்று கணவன் ஆசையாக வாங்கி மாட்டிய நீல விளக்கையும் அவள் ஹாலுக்குக் கடத்தினாள். பூச்சி பட்டால் இரண்டிலுமே பொறி பறக்கும்.

விளக்கு போனதில் ஒரு நஷ்டமும் இல்லை. அதன் அடித்தட்டைக் கொட்டினால் ஈசலும் விட்டிலும்தான் குவியும். கொசுவைத் தேடிப் பொறுக்க வேண்டும். கொசுவுக்கு வெளிச்சமா பெரிசு? மூச்சையும் உடம்புச் சூட்டையும் மோப்பம் பிடித்து நேரே கட்டிலுக்கு வந்துவிடும். கொசுவலை கட்டலாம் என்றால் மாமியாருக்கு ஆகாது. "செத்தவள மூடற மாதிரி மூடாதே" என்பார். ஆக, விசிறியும் வெறுங்கையுமாக அவளேதான் காவல்.

ஒரு சாயங்காலம் நாத்தனார் வந்தார். அம்மாவின் கையெல்லாம் கொசு கடித்த தடிப்பு.

"பேட்டை ஹால்ல வச்சிட்டு வேடிக்கை பாக்கறியா? உன்னப் பெத்தவளா இருந்தா விடுவியா?"

பேட்டைத் தூக்கி, பட்டனை அழுத்தியபடியே அறைக்கு நடந்தார். அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்த இடிதாங்கி, வாசலுக்கு முன்னாலேயே அதைப் பிடுங்கினாள். நாத்தனார் விரல் பட்டனை விட்டிருந்தது. ஆனாலும் பேட்டின் மேல்வலை நசுங்கிய இடத்தில் இவள் விரல் பட்டதும் சுளீரென்று முழங்கை வரை ஏறியது. பேட் ஹால் தரையில் விழுந்தது.

"நான்தான் ஆஃப் பண்ணிட்டேனே."

"பண்ணாலும் உள்ள கரண்ட் கொஞ்சம் நிக்கும், அண்ணி."

பேட்டை எடுத்துப் பட்டனை ஒருமுறை அழுத்தி விட்டுவிட்டு, தையல் மெஷின் மேலிருந்த பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரை வலைகளுக்குக் குறுக்கே வைத்துக் காட்டினாள். சட்டென்று ஒரு பொறி.

"இது அத்தை போர்வையில விழுந்திருந்தா?"

கேட்கும்போதே இடிதாங்கிக்கு அழுகை முட்டியது. "என்னால முடியல, அண்ணி. தூக்கமே இல்ல எனக்கு" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அறைக்குள்ளிருந்து மாமியாரின் குரல் மெல்ல வந்தது. "அந்தக் கொசுவலைய எடுத்துக் கட்டுங்க."

"செத்தவள மூடற மாதிரின்னு சொன்னீங்களே, அத்தை."

"உசிரோட இருக்கறவளையும் சேத்து மூடினா அப்படித் தெரியாது. நீயும் உள்ள வந்து படு."

நாத்தனார் வலையின் நாலாவது முனையைக் கட்டுவதற்குள் மாமியார் பக்கத்தில் அவள் தூங்கிப்போயிருந்தாள்.