அடிவரை இறங்காத பக்கம்

கைப்பேசியில் இணையம் வந்த புதிதில், ஹட்டனில் ஒரு கடை மாடியில் எங்களுக்கு அலுவலகம் இருந்தது. விளம்பர நிறுவனத்தின் தலைமை கொழும்பில். இங்கே நானும் ஒரு பெண்ணும்தான். நான் பக்கங்களைத் தயாரித்து இணையத்தில் ஏற்றுபவன். அவள் தமிழில் எழுதி, படம் வரைபவள். டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளை. அந்த லயத்திலிருந்து மேசை வேலைக்கு வந்த முதல் ஆள். இருவருமே தற்காலிகம். மூன்று மாத அறிக்கை நன்றாக இருந்தால் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். வேலை போனால் அவளுக்கு இருந்த ஒரே வழி, ஏஜென்சிக்காரன் சொல்லிவைத்திருந்த குவைத் வீட்டு வேலை.

தோட்டத்துத் தாய்மாருக்கான பால்மா விளம்பரம் அது. கைப்பேசியில் சின்னதாக ஒரு பட்டை வரும். அமுக்கினால் எங்கள் பக்கம் திறக்கும். அன்றைய கைப்பேசிகளில் தமிழ் எழுத்து வராது, கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அதனால் அவள் எல்லாவற்றையும் படமாகவே வரைந்தாள். மேலே பிள்ளையின் வயதுக்கு எத்தனை கிலோ நிறை இருக்க வேண்டும் என்ற அட்டவணை, கீழே பால்மா டின். அழகாகத்தான் இருந்தது, ஆனால் கனம்; கைப்பேசியில் மெதுவாகத்தான் இறங்கும். யாராவது பக்கத்தைப் பார்த்தால் எண்ணிக்கை ஏறுவதற்காக, கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படத்தை நான் வைத்தேன். அந்தப் படத்தைக் கைப்பேசி கேட்டு வாங்கினால் ஒரு பார்வை. அதைப் பக்கத்தின் கடைசியில் வைத்தேன். கடைசியில் வைப்பதுதான் வழக்கம் என்று படித்திருந்தேன். படித்தவன் கெட்டிக்காரன் இல்லையா.

அறிக்கை வந்தபோது கொழும்பு மேலாளர் தொலைபேசி ஒலிபெருக்கியில் எரிந்து விழுந்தார். பட்டையை அமுக்கியவர்கள் ஏராளம், பக்கத்தைப் பார்த்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதோடு, அமுக்கியதெல்லாம் ஒரே இணைய முகவரியிலிருந்து.

“ஒரே ஆள் உட்கார்ந்து அமுக்கியிருக்கு. அந்தப் பிள்ளையோட சொந்தக்காரங்க எல்லாம் தோட்டத்திலதானே?” என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். “அண்ணே, நான் யாரையும் அமுக்கச் சொல்லலங்க. நீங்களாச்சும் சொல்லுங்க.”

தொலைபேசி நிறுவனத்தின் ஒரே வாசல் வழியாகத்தான் அத்தனை கைப்பேசியும் இணையத்துக்குப் போகும், அதனால் முகவரி ஒன்றாகத்தான் தெரியும் என்று சொன்னேன். அது மட்டும் எனக்குத் தெரியும். “அப்போ பார்வை ஏன் இல்லை?” என்றார் அவர். அந்த வாரமே அவளை நிறுத்திவிட்டார்கள்.

அவள் விட்டுப்போன சான்றிதழ்களைக் கொடுக்க ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகைக்குப் பக்கத்தில்தான் சிக்னல் கிடைக்கும். அவளுடைய மதினி அங்கே கைக்குழந்தையோடு நின்று எங்கள் பக்கத்தைத்தான் திறந்துகொண்டிருந்தார். அட்டவணை மேலிருந்து கீழாக, கோடு கோடாக இறங்கியது. பக்கத்தில் இருந்த இன்னும் இரண்டு பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். அட்டவணை முடிந்ததும் மதினி இணைப்பைத் துண்டிக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டார்.

“முழுசா வரலியேங்க,” என்றேன்.

“பிள்ளையோட நிறை தெரிஞ்சிருச்சில்ல. அதுக்கு மேல இழுத்தா கார்டுல இருக்கிற காசு கரைஞ்சிரும்ங்க. இங்க எல்லாரும் இப்பிடித்தான் பாக்கிறோம்.”

மூன்று பெண்கள் பார்த்தார்கள். என் கணக்கில் ஒருவர்கூட இல்லை. கைப்பேசி கடைசியில் இருந்த என் புள்ளிப் படத்தைக் கேட்பதற்கு முன்பே எல்லோரும் மூடியிருக்கிறார்கள். சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு அவளும் என் பக்கத்தில்தான் நின்றாள். தப்பு என்னுடையது என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

திங்கட்கிழமை அந்தப் புள்ளியைத் தலைப்புக்குக் கீழே மாற்றினேன். “சின்ன திருத்தம் செய்தேன்” என்று மட்டும் கொழும்புக்கு எழுதினேன். என் நிரந்தரமும் அவர்கள் கையில்தான் இருந்தது. கோழைத்தனத்துக்கு வேறு பெயர் வைக்க எனக்கு இப்போது விருப்பமில்லை.

அடுத்த அறிக்கையில் அமுக்கியவர்களின் தொகையும் பார்த்தவர்களின் தொகையும் ஏறக்குறைய ஒத்துப்போயின. அப்போதும் எல்லாம் அதே ஒரு முகவரியிலிருந்துதான் வந்தன. அதை யாரும் பார்க்கவில்லை.

“பார்த்தீங்களா தம்பி, அந்தப் பிள்ளையை நிறுத்தினதும் கணக்கு நேராயிட்டுது,” என்றார் மேலாளர்.

“ஆமாங்க சேர்,” என்றேன்.

என்னை நிரந்தரமாக்கினார்கள். அதே மாதம் அவள் விமான நிலையத்திலிருந்து கூப்பிட்டாள். பின்னால் சிங்களத்தில் ஏதோ அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. குரலில் கோபமே இல்லை.

“அண்ணே, அந்தப் பக்கத்த இப்ப யாராச்சும் பாக்கிறாங்களா?”

“நிறையப் பேர் பாக்கிறாங்க.”

“படத்த மாத்திட்டீங்களா?”

“இல்ல. நீ வரைஞ்சதுதான்.”

“அப்ப முந்தி ஏங்கண்ணே பாக்கல?” என்று கேட்டாள்.

“தெரியலம்மா,” என்றேன்.