கைப்பிடி இல்லாத பெட்டிகள் முதலில்

காலை பத்தரைக்குச் சேதி வந்தது. பஞ்சிங் மெஷினின் பெரிய பல்சக்கரம் உடைந்துவிட்டது. அட்டைப்பெட்டிகளுக்குக் கைப்பிடி ஓட்டை போட அந்தத் தொழிற்சாலையில் இருந்தது அது ஒன்றுதான். புதுச் சக்கரம் வெள்ளிக்கிழமைதான் வரும், மாட்டி ஓட்டிப் பார்க்காமல் சரக்கு எடுக்க முடியாது என்று ஃபிட்டர் கையை விரித்தார்.

முதலாளியின் மூத்த மருமகளுக்கு மெஷினைவிடப் பெரிய கவலை வேறு. பெட்டிகள் வாங்கும் சோப்புக் கம்பெனியிடம் யார் பேசுவது? கல்யாணமாகி வந்த நாள் முதல் அது அவள் வேலை. போன வருஷம் ஓரகத்தி வந்தாள். அதிலிருந்து அந்தக் கம்பெனியின் கொள்முதல் அதிகாரி, "சின்னவங்க இல்லையா?" என்றுதான் பேச்சையே ஆரம்பிக்கிறார். சின்னவள் சிரித்துச் சிரித்துப் பேசுவாள். மூத்தவளுக்கு வேலை நேரத்தில் சிரிப்பு வராது.

மொத்தச் சரக்கையும் அடுத்த வாரத்துக்குத் தள்ளி அவள் புதுத் தேதிகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். பின்னால் நின்று பார்த்த சின்னவள் மெதுவாகச் சொன்னாள்:

"அக்கா, கைப்பிடி இல்லாத பெட்டிக்குப் பஞ்சிங்கே வேண்டாமே. எது முதல்ல வேணும்னு அவங்ககிட்ட கேட்டுப் பாக்கலாமா?"

"நீ வர்றதுக்கு முன்னாடி இங்கேருந்து பெட்டியே போகலையா?"

சின்னவள் முகம் சுண்டிப்போய் பசை காய்ச்சும் பக்கம் போய்விட்டாள். மூத்தவள் கதவைச் சாத்திவிட்டு போன் செய்தாள். வழக்கம்போல் அதிகாரி சின்னவளை விசாரித்தார். மூத்தவள் நேராக விஷயத்துக்கு வந்தாள். மெஷின் உடைந்ததை மறைக்காமல் சொன்னாள். பிறகு, தானே யோசித்தது போல, எந்தப் பெட்டி முதலில் வேண்டும் என்று கேட்டாள்.

கைப்பிடிப் பெட்டி பரிசுப் பொதிகளுக்குத்தானாம். மாதக் கடைசியில் வந்தால் போதும். சாதாரணப் பெட்டி வராவிட்டால்தான் சோப்புக் கட்டும் வேலை நின்றுபோகும். சாதாரணப் பெட்டி முழுவதையும் சொன்ன நாளிலேயே அனுப்புவது, கைப்பிடிப் பெட்டியை மெஷின் ஓடிய பிறகு இரண்டு தவணையாக, நடுவில் ஓரிரு நாள் இடம் விட்டு அனுப்புவது என்று முடிவாயிற்று.

"இப்படி முன்கூட்டியே கேட்டீங்க பாருங்க, அதுதாம்மா நல்லது," என்றார் அதிகாரி. எழுத்தில் அனுப்பச் சொன்னார்.

சாயங்காலம் மாமனார் எல்லார் முன்னாலும் மூத்தவளைப் புகழ்ந்தார். அவள் ஓரக்கண்ணால் ஓரகத்தியைப் பார்த்தாள். சின்னவள், யோசனை தன்னுடையது என்று காட்டிக்கொள்ளாமல், சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். பெருந்தன்மை என்ற பேரும் சின்னவளுக்கே போய்ச் சேர்ந்ததே என்று மூத்தவளுக்கு வயிறு எரிந்தது.

மெயில் அனுப்புவதற்கு முன் மாமனார் ஒன்று சொல்லியிருந்தார்: அவசரத்துக்குப் பேச சின்னவள் நம்பரையும் அடியில் போட்டுவிடு. தேதிகள், அளவுகள், தவணைகள் எல்லாம் சரியாகப் போயின. சின்னவளின் நம்பரை மட்டும் அவள் போடவில்லை.