பென்சில் புள்ளி வைத்த தேதிகள்

அந்தக் கல்யாண மண்டபத்து மேனேஜரின் பெயரே எல்லாருக்கும் மறந்துபோய்விட்டது. முதலாளி முதல் வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவர் டைரி சார்தான். இருபத்திரண்டு வருஷமாக ஒரு தடித்த டைரியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே திரிகிற மனுஷனை வேறென்னவென்று கூப்பிடுவது? எந்தத் தேதி யாருக்கு, காலையா மாலையா, முன்பணம் வந்ததா என்று எல்லாம் அதற்குள்ளேதான் இருந்தது. முதலாளிகூட அவரைக் கேட்காமல் ஒரு தேதிக்கு வாக்குக் கொடுக்க மாட்டார். அந்தக் கெத்தில்தான் டைரி சாரின் காலம் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குத்தான் வேட்டு வைத்தார் முதலாளி. வெப்சைட் போடப்போகிறோம், டிசைன் செய்கிற பொண்ணு வரும், கேட்டதையெல்லாம் கொடுங்கள் என்று போனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பொண்ணு வந்தாள். சும்மா சொல்லக்கூடாது, காரியக்காரி. மண்டபம் மட்டும், அலங்காரத்தோடு, சாப்பாடும் சேர்த்து என்று மூன்று பேக்கேஜ் பிரித்தாள். ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் வரைக்கும், ஜெனரேட்டர் செலவு சேர்த்தியா தனியா என்று குடைந்து குடைந்து கேட்டாள். நாலு தடவை கேட்டபின்தான் டைரி சாருக்கே தெரிந்தது, ஜெனரேட்டருக்கு இதுவரை ஆளுக்கொரு ரேட் சொல்லி வந்திருக்கிறோம் என்று. விசாரிக்கிறவர்கள் படிவத்தை நிரப்பினால் உடனே அவர்களுக்கு ஒரு விசாரணை எண் போகும், இவர் போனுக்கும் தகவல் வரும், ஒரு நாளைக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்றாள். அதுவரை தலையாட்டிக்கொண்டே வந்தவர், தேதிக் காலண்டர் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பச்சைன்னா காலி. மஞ்சள்னா முன்பணத்துக்காக ரெண்டு நாள் பிடிச்சு வெச்சிருக்கோம். சிவப்புன்னா உறுதி. யார் வேணா பார்க்கலாம் சார்."

"அதைத் திறந்து போடாதம்மா. போன்ல கேட்கட்டும், நான் சொல்லிக்கிறேன்."

"காலண்டருக்காகத்தானே சார் வெப்சைட்டே? ஏன் வேணாங்கிறீங்க?"

"சில பேருக்கு, காலியா இருந்தாலும் இல்லைன்னு சொல்ல வேண்டியிருக்கும்."

அவள் முகம் சுளிக்கவில்லை. லேப்டாப்பில் விரலை வைத்தபடி, "சரி சார், யார் யாருக்கு? விதியைச் சொன்னீங்கன்னா அதையும் சேர்த்துடலாம்," என்றாள்.

டைரி சார் வாயைத் திறந்தார். ஆட்டோவில் வந்து இறங்குகிறவர்களுக்கு என்று சொல்வதா? செருப்பு தேய்ந்தவர்களுக்கு என்று சொல்வதா? இத்தனை வருஷமும் ஆளைப் பார்த்த மாத்திரத்தில் கண் எடை போடும், வாய் "நிரம்பிடுச்சுங்க" என்று சொல்லும், கை பென்சிலால் டைரியில் ஒரு புள்ளி வைக்கும். முதலாளி அப்படிச் செய்யச் சொன்னதே கிடையாது. மண்டபத்தின் மதிப்பைக் காப்பாற்றுவதாக இவரே எடுத்துக்கொண்ட வேலை அது. அதை ஒரு வாக்கியமாக்கி அந்தப் பொண்ணு டைப் அடிக்கிற மாதிரி சொல்லிப் பார்த்தபோது, மனசுக்குள்ளேயே கூசிப்போனார்.

"விடும்மா. எல்லாருக்கும் தெரியற மாதிரியே போடு," என்றார்.

மறுநாள், மண்டபத்தை வீட்டிலிருந்தே சுற்றிப் பார்க்கிற மாதிரி படம் எடுக்க, முக்காலியில் ஒரு குட்டிக் கேமராவோடு வந்தாள். நாலு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்குமாம். எடுக்கும்போது அறையில் யாரும் நிற்கக்கூடாது, வெளியே போய் போனில்தான் அமுக்க வேண்டுமாம். முதலில் மணப்பெண் அறை. அங்கே மண்டபத்தைக் கூட்டித் துடைக்கிற அக்கா சுவரளவு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷமாக அங்கே வேலை செய்கிறவள். அவள் துடைத்து முடிக்கட்டும் என்று பொண்ணு மேஜையில் அவருடைய பழைய டைரிகளை விரித்தாள். போன ரெண்டு வருஷ விசாரிப்புகளை உள்ளே ஏற்றினால், எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை உறுதியானது என்று முதலாளிக்குக் கணக்குக் காட்டலாம் என்றாள்.

"சார், இது ஒண்ணு புரியல. பேர் போடற இடத்துல 'நம்ம அக்கா, மகள்'னு இருக்கு. பக்கத்துல ஒரு புள்ளி. நிரம்பிடுச்சுன்னு எழுதியிருக்கு. ஆனா அந்தத் தேதியில புக்கிங்கே எதுவும் இல்லையே. எதுல சேர்க்கட்டும்?"

டைரி சார் சட்டென்று கண்ணாடிப் பக்கம் பார்த்தார். கண்ணாடியில் அக்காவின் முகம் தெரிந்தது. துணி நிற்கவில்லை, மேலும் கீழுமாகப் போய்க்கொண்டே இருந்தது.

"அது யாரோ கேட்டிருப்பாங்கம்மா. அப்புறம் வேணாம்னிருப்பாங்க. அதைச் சேர்க்காத," என்றாள் அக்கா, திரும்பாமலே.

பொண்ணு அந்த வரியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். பிறகு மூன்று பேரும் வெளியே வந்தார்கள். போனில் அமுக்கினாள், படம் விழுந்தது. கண்ணாடியில் கேமரா தெரியும், அதைப் பிறகு அழித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, முக்காலியைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விட்டாள். நடையில் இவர்கள் இருவர் மட்டும் நின்றார்கள்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அதே நடையில்தான் அக்கா தன் மூத்த மகள் கல்யாணத்துக்கு மண்டபம் கேட்டாள். முழு வாடகையும் கொடுத்துடறேண்ணே, பொண்ணு இங்கதான் ஆசைப்படறா என்றாள். கூட்டுகிறவள் வீட்டுக் கல்யாணம் இங்கே நடந்தால் நாளைக்குப் பெரிய இடத்துக்காரர்கள் வருவார்களா என்று யோசித்து, நிரம்பிவிட்டதென்று சொல்லி அனுப்பினார். அதோடு விட்டாரா? ஓட்டுக்கூரை போட்ட ஒரு சின்னக் கூடத்தில் நடந்த அந்தக் கல்யாணத்துக்குப் போய், முன்வரிசையில் உட்கார்ந்து, வயிறாரச் சாப்பிட்டு, "நம்ம மண்டபம் கிடைக்காமப் போச்சேன்னு எனக்கு மனசே ஆறலம்மா," என்று வேறு சொல்லிவிட்டு வந்தார்!

"உனக்கு எப்பத்திலேர்ந்தும்மா தெரியும்?"

"மறுநாளே தெரியும்ணே. கல்யாண அலுப்போட கூட்ட வந்தேன். ஒரு பூ உதிரலை, ஒரு காகிதம் கிடக்கலை. கல்யாணத்துக்கு முன்னால நான் துடைச்சுட்டுப் போனபடியே கிடந்துச்சு."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா."

"கேட்டு? நீங்க இன்னொரு பொய் சொல்லணும். எதுக்குண்ணே?"

அவரால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் கையிலிருந்த ஈரத்துணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் பண்ணினது தப்பும்மா. ரொம்பத் தப்பு. சின்னவளுக்கு முடிவாச்சுன்னா சொல்லு. எந்தத் தேதியானாலும் இங்கதான். நானே முதலாளிகிட்ட பேசறேன்."

"முடிவாயிடுச்சுண்ணே. உங்ககிட்டச் சொல்லத்தான் இருந்தேன்." தேதியைச் சொன்னாள். "பேருந்து நிலையத்துக்குப் பின்னால இருக்கிற மண்டபம். போய் நின்னோம், தேதியைப் பார்த்தாங்க, எழுதிக்கிட்டாங்க. அவ்வளவுதான். எனக்கு அன்னைக்கும் முந்தின நாளும் லீவு வேணும்."

"எடுத்துக்கம்மா," என்றார்.

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் நடந்தாள். நாலடி போய்த் திரும்பி, "நீங்க கண்டிப்பா வரணும்ணே," என்றாள். குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். அவள் நிஜமாகவே அழைத்தாள்.

பத்து நாளில் வெப்சைட் வந்துவிட்டது. முதலாளிக்கு வாயெல்லாம் பல். விசாரணைகள் வர வர, டைரி சார் ஒன்றுவிடாமல் அன்றன்றைக்கே பதில் போட்டார். பென்சிலைத் தூக்கிப் போட்டுவிட்டார்.

ஆனால் தினமும் காலையில் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்ததும் முதலில் காலண்டரில் அக்கா சொன்ன அந்தத் தேதியைத்தான் திறந்து பார்ப்பார். யாராவது வந்து அதை எடுத்துக்கொள்ள மாட்டார்களா, சிவப்பாகிவிடாதா என்று. யாரும் கேட்கவில்லை. அவள் சின்ன மகளுக்கு இன்னொரு மண்டபத்தில் கல்யாணம் நடந்த நாளன்றும், ஊரே பார்க்கும்படி அந்தத் தேதி பச்சையாகவே இருந்தது.