ஆறாம் எண்ணுக்குத் திரும்பவும்

தமிழில் எழுதினால் பக்கம் நீண்டுவிடுகிறது என்பதுதான் இந்துமதிக்குக் கவலை. கணபதி வட்டாரத்தில் இருந்த அந்த வார்ப்புத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் தமிழில் எழுதித் தருகிறவள் அவள்தான். மற்றவர்களுக்குத் தமிழ் எழுதுவதென்றால் கை கூசும். மணல் கலக்கும் மிஷினின் செயல்முறையை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்தவள், ஒரே தாளில் அடக்கி மிஷின் பக்கத்தில் ஒட்டவேண்டும் என்று முதல் நான்கு எண்களை இரண்டாகச் சுருக்கினாள். லேமினேட் செய்ததும் தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டாள்.

பயிற்சி வகுப்பில் அதட்டலுக்கும் குறைவில்லை. "சொந்த மூளை வேண்டாம்ணா. நெம்பர்ல என்ன இருக்கோ அதை மட்டும் செய்யுங்க."

"ஆகட்டுங் மேடம்," என்றார் நாச்சிமுத்து. அந்த மிஷினை ஓட்டுகிறவர் அவர்.

அடுத்த வாரமே அவருடைய இரண்டு விரல்கள் நசுங்கின.

விசாரணை மேலாளர் ராமபத்ரனின் அறையில் நடந்தது. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தார்.

"மெயினை அணைச்சுப் பூட்டாம மூடியத் திறந்திருக்கீங்க. அந்தப் பக்கம் நின்ன ஆள் ஸ்டார்ட்ட அமுக்கிட்டான். ஒழுங்கு நடவடிக்கைதான்," என்றார் மேலாளர்.

"மொதத் தடவ அணைச்சுப் பூட்டுனேனுங்க. அடைச்சிருந்த மணல் கட்டிய எடுத்து, ஓட்டிப் பாத்து, ஸ்டாப் பண்ணுனேன். மறுபடியும் கட்டி. திரும்ப அடைச்சா ஆறாம் நெம்பருக்குத் திரும்புன்னு போட்டிருந்துச்சுங்க. ஆறுல மூடியத் திறன்னு இருந்துச்சு, திறந்தேன்."

இந்துமதி ஆங்கிலத் தாளையும் தன் தமிழ்த் தாளையும் பார்த்தாள். ஆங்கிலத்தில் ஆறாவது மெயினை அணைப்பது; ஏழாவது பூட்டுவது; எட்டாவது மூடியைத் திறப்பது. அவள் சுருக்கியதில் எல்லாம் இரண்டு எண் மேலே ஏறி, மூடி ஆறாகிவிட்டது. திரும்பச் சொன்ன ஆறை மட்டும் அவள் மாற்றவில்லை. மேலாளருக்குத் தமிழ்த் தாளைப் படிக்கும் பொறுமை கிடையாது. வாயை மூடிக்கொண்டால் தப்பிக்கலாம். அப்படி ஒரு நினைப்பு வந்ததே அவளைக் கூசவைத்தது.

நாச்சிமுத்து அவளைப் பார்த்துச் சொன்னார்: "மன்னிச்சிருங் மேடம். நீங்க அத்தன சொல்லியும் எங்கியோ கோட்ட உட்டுட்டேன்."

"இல்லண்ணா. தப்பு என்னுது. நெம்பரை நான் மாத்தாம விட்டுட்டேன். சார், இவர் மேல நடவடிக்கை வேண்டாம். என் மேல எடுங்க."

மேலாளர் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். நாச்சிமுத்துவின் பெயர் எழுதியிருந்த நடவடிக்கைக் கடிதத்தைக் கிழித்தார்.

வையப்போகிறார் என்று இந்துமதி காத்திருந்தாள். வைதிருந்தால் தேவலாம். நாச்சிமுத்துவின் முகம் தெளிந்துவிட்டது.

"அப்ப நான் ஒழுங்காத்தான் செஞ்சனுங்களா மேடம்?"

"ஆமாண்ணா," என்றாள். அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். அவளால் அந்தக் கட்டைப் பார்க்க முடியவில்லை.