ஏழாம் எண்ணும் என் மனைவியின் கடிதமும்

என் மனைவி மொழிபெயர்ப்பாளர். இயந்திரக் கையேடுகள்தான் அவள் பிழைப்பு. கதை, கவிதைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டாள். எங்கள் சாப்பாட்டு மேசையில் பாதி அவளுடைய அலுவலகம். மீதிப் பாதியில் இடித்துக்கொண்டு சாப்பிடுகிறோம்.

மூன்று மாதமாக வேலை எதுவும் வரவில்லை. அப்போதுதான் எண்ணெய் அழுத்தத்தால் இரும்பை வளைக்கும் ஹைட்ராலிக் பிரஸ் செய்யும் நிறுவனம் ஒன்று அழைத்தது. ஆங்கிலக் கையேடு, நூற்றிருபது பக்கம், தமிழில் வேண்டும். பிடித்திருந்தால் மீதிப் பதினொரு இயந்திரங்களின் கையேடுகளும் அவளுக்கே. நான் மனதுக்குள் இரண்டு வருடத்துக்கு அட்டவணை போட்டுவிட்டேன். பேருந்துப் பணிமனையில் என் வேலையும் அதுதான்.

அவளோ சரி என்று ஒரு வார்த்தை சொல்லாமல் கடிதம் எழுதினாள்.

"கையேட்டைப் பார்த்தேன். பாகங்கள் பல இடங்களில் எண்ணால் மட்டுமே குறிப்பிடப்பட்டுள்ளன. கடைசித் திருத்தம் வரையிலான வரைபடங்களும் பாகப் பட்டியலும் தேவை. ஒவ்வொரு பாகத்தையும் உங்கள் தொழிலாளர்கள் என்ன பெயரில் அழைக்கிறார்கள் என்ற சொற்பட்டியலும், சந்தேகம் கேட்க ஒரு பொறியாளரும் வேண்டும். வரைபடங்களை வெளியே காட்ட மாட்டேன் என்று கையெழுத்திட்டுத் தருகிறேன். இவற்றைப் பார்த்த பிறகே வேலையை ஏற்க முடியுமா, எத்தனை நாளாகும் என்று சொல்ல இயலும்."

மறுநாளே கொள்முதல் அதிகாரி போனில் வந்தார். குரல் மேசைக்கு இந்தப் பக்கம்வரை கேட்டது.

"நீங்க மொழி ஆளு மேடம். உங்களுக்கு எதுக்கு டிராயிங்? வேற ரெண்டு பேர் எதுவுமே கேக்கலயே!"

"அவங்க ஏன் கேக்கலன்னு எனக்குத் தெரியாது சார். எனக்குப் பார்க்காம எழுத வராது."

போனை வைத்தாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏம்மா, வந்த லட்சுமியை வாசல்லயே நிக்கவெச்சுக் கேள்வி கேக்கறியா?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள். "பத்து வருஷம் முன்னாடி ஒரு லிஃப்ட் கையேடு பண்ணேனே, ஞாபகம் இருக்கா? டிராயிங் கேட்டேன், தரல. நாலு இடத்துல ஊகிச்சு எழுதினேன்."

"அதுல யாருக்கும் ஒண்ணும் ஆகலயே?"

"ஆகலன்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?"

பதில் வராவிட்டால் நான் கத்துவேன், அன்றும் கத்தினேன். நான்கு நாள் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டோம். அந்த நிறுவனமும் வாயைத் திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் ஒரு தடித்த உறை வந்தது. அனுப்பியவர் கொள்முதல் அதிகாரி இல்லை, வடிவமைப்புப் பொறியாளர். கடிதம் எப்படியோ அவர் மேசைக்குப் போயிருக்கிறது. வரைபடங்கள், பாகப் பட்டியல், பட்டறை ஆட்கள் கையால் எழுதிய நாற்பது சொற்கள், வரைபடங்களை வெளியே காட்டக்கூடாது என்ற ஒப்பந்தப் படிவம். மனுஷன் ஒன்றைக்கூட விடவில்லை. அவள் முதலில் படிவத்தில் கையெழுத்திட்டாள். பிறகு மேசை முழுவதும் வரைபடத்தை விரித்தாள். நான் மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டேன்.

கையேட்டை ஒவ்வொரு வரியாக வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தவள், முப்பத்திரண்டாம் பக்கத்தில் நின்றாள். "பழுது பார்க்கும் முன் 7-ஐத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றவும்." வரைபடத்தில் ஏழு, எண்ணெய் வடிகட்டியின் மூடி. அழுத்தம் இறக்கும் வால்வு எட்டு.

பொறியாளரை அழைத்தாள். அவர் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"போன வருஷம் நடுவுல ஒரு மீட்டர் சேர்த்தோம்மா. அதுக்கப்புறம் எல்லா நம்பரும் ஒண்ணு தள்ளிப்போச்சு. மெஷின் மேல புது நம்பரை ஒட்டிட்டாங்க, கையேட்டுல எழுத்து பழசாவே இருக்கு."

"அழுத்தம் இருக்கறப்போ அந்த மூடியைத் திறந்தா?"

"கொதிக்கிற எண்ணெய் முகத்துலதான்." மறுபடி காகிதம் புரண்டது. "இங்கிலீஷ் கையேடு ஏற்கெனவே ஒன்பது மெஷினோட போயிருக்கும்மா. உடனே எல்லாருக்கும் சொல்லணும்."

அன்றைக்கே ஒன்பது இடங்களுக்கும் எச்சரிக்கை போனது. ஒருவருக்கும் அடிபட்டிருக்கவில்லை என்று சாயங்காலம் அவரே அழைத்துச் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார். பன்னிரண்டு கையேடுகளையும் திரும்ப எழுதப் போகிறார்களாம். மொழிபெயர்ப்பு அதற்கப்புறம்தான். எப்போது என்று தெரியாதாம்.

ஆக, என் மனைவி கடிதம் எழுதித் தன் வேலையைத் தானே ஒத்திப்போட்டுக்கொண்டாள். ஒரு வாரத்துக்கு முன்னால் என்றால் நான் வீட்டையே இரண்டாக்கியிருப்பேன். அன்று அந்த ஒன்பது முகங்களை நினைத்தேன்.

மறுநாள் காலை அவள் அலமாரியின் அடியிலிருந்து ஒரு பழைய கோப்பை எடுத்தாள். லிஃப்ட் கையேடு. நான்கு இடங்களில் பென்சிலால் சுழித்திருந்தது. காகிதத்தை எடுத்து அந்த லிஃப்ட் நிறுவனத்துக்கு எழுத ஆரம்பித்தாள். "பத்து ஆண்டுகளுக்கு முன் உங்கள் கையேட்டை மொழிபெயர்த்தது நான். நான்கு இடங்களில் ஊகித்து எழுதியிருக்கிறேன். தயவுசெய்து அவற்றின் வரைபடங்களை அனுப்புங்கள்."

இந்தக் கடிதத்தால் வேலையும் வராது, நல்ல பெயரும் வராது. அவள் எழுதி முடிக்கும்வரை என் தட்டை மேசையில் வைக்காமல் காத்திருந்தேன். பிறகு நானே கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தேன்.