ஏப்ரல் வெயிலில் ஒரு முக்காடு

போர்ட் பிரி என்கிற துறைமுக ஊரில் கல்யாணம் செய்துகொண்டவர்களில் பாதிப் பேரின் முகத்தை நோலீன் பாஸ்கோ தொட்டிருக்கிறாள். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது தெரியாது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி. கிளைவ் ஹனஃபோர்டின் போட்டோ ஸ்டூடியோவில், பின்னறையில், முப்பத்தொரு வருஷம். முதலில் மெல்லிய தூரிகையும் மையும். அச்சான படத்தில் தூசி விழுந்த வெள்ளைப் புள்ளிகளை ஒவ்வொன்றாக அடைப்பாள். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. கை மாறவில்லை, கருவிதான் மாறியது என்பாள். கல்யாண வீடுகளுக்குப் போனால் கேக்கை விட்டுவிட்டுச் சுவரில் மாட்டிய படங்களுக்கு நேராகப் போய், மூக்கு கண்ணாடியில் இடிக்கிற அளவு நெருங்கிப் பார்ப்பாள். தான் திருத்திய இடம் தனக்கே தெரியவில்லை என்றால் அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கும்.

ஒரு வருஷம் மே மாதம் நூன்சியா மினர்வீனி ஸ்டூடியோவுக்கு வந்தாள். அறுபத்துமூன்று வயது. இத்தாலிய மீன்பிடிக் குடும்பம்; அவள் தையல்காரி. நான்கு பெண்கள். முதல் மூவரின் கல்யாணப் படங்களும் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேலே வரிசையாகத் தொங்கின. மூவர் தலையிலும் ஒரே முக்காடு. சல்லடை போன்ற வெள்ளை வலைத்துணி, சுற்றிலும் நூன்சியா தன் கையால் தைத்த லேஸ் கரை. நான்காவது ஆணி அடித்தாகிவிட்டது. படம்தான் இல்லை.

கடைசிப் பெண் கொர்ராதாவுக்கு ஏப்ரல் பதினெட்டாம் தேதி கல்யாணம். மாதா கோயிலில் எடுத்த படங்களில் முக்காடு இருந்தது, ஆனால் பெண் அழுத முகமாக இருந்தாள். சாயங்காலம் மீன்பிடித் துறையில் எடுத்த ஒரே ஒரு படத்தில், தாழ்ந்த வெயில் ஒரு பக்கமாக விழ, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதில் முக்காடு இல்லை. துறையில் கிரீஸ் ஒட்டிவிடும் என்று பயந்து, கோயில் வாசலிலேயே அதைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தவள் நூன்சியாதான்.

"என் கையாலதான் கழட்டினேன்," என்றாள். "இப்ப யாராவது திரும்பப் போடணும். செப்டம்பர்ல திருவிழாவுக்கு அவ வர்றா. அதுக்குள்ள அந்த ஆணியில படம் தொங்கணும்."

"பத்து நிமிஷ வேலை, சின்யோரா," என்றான் கிளைவ்.

நோலீன் அவனைப் பார்த்த பார்வையில் அவன் காபி போடப் போய்விட்டான்.

முதல் தடவை நோலீனும் சுலபமான வழியில்தான் போனாள். கோயில் படத்திலிருந்து முக்காட்டை வெட்டி எடுத்தாள். அதில் முக்காட்டின் அகன்ற மடிப்பு வலப்பக்கம் இருந்தது. துறைப் படத்தில் வெயில் இடப்பக்கம். மடிப்பு வெயில் பக்கம் இருந்தால் அழகு என்று, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாகத் திருப்பிப் போட்டாள். முகத்தில் சாம்பல் நிறத்தில் லேசாக ஒரு நிழல். மூன்று நாள் வேலை. கிளைவ் அசந்துபோனான்.

நூன்சியா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"இது யாரோட முக்காடு?"

"உங்களோடதுதான்."

"என்னோடதுல இடது காதுகிட்ட ஒரு ஒட்டு இருக்கு. ரெண்டாவது பொண்ணோட கல்யாணத்துல கதவுல மாட்டிக் கிழிஞ்சது, நான் தைச்சது. இதுல வலது காதுகிட்ட இருக்கே."

நோலீனுக்குக் காது சூடாயிற்று. அவ்வளவு சின்ன ஒட்டை அவள் திரையில் பார்த்திருந்தாள். அது தையல் என்று தோன்றவில்லை.

நூன்சியா விடவில்லை. "இதோ, இந்த வலைக்கு உள்ள பாரு. சிவப்பா தெரியுதே, அது கோயில் கம்பளம். பொண்ணு துறையில வெயில்ல நிக்கிறா. என் முக்காடு இன்னும் கோயிலுக்குள்ளயே நிக்குது." பிறகு விரலால் மகளின் கன்னத்தைத் தொட்டாள். "இது என்ன, அடுப்புக் கரியா?"

அன்று நோலீன் கோயில் படத்தையும் துறைப் படத்தையும் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவமானம் ஒரு பக்கம். அதைவிட, அந்தக் கிழவி சொன்னது அத்தனையும் சரி என்பதுதான் உறுத்தியது. கோயிலில் ஃபிளாஷ் நேர் எதிரே அடித்து வலையைச் சுண்ணாம்புபோல் ஆக்கியிருந்தது. துறையில் வெயில் பக்கவாட்டில் வந்து மூக்கின் நிழலை எதிர்க் கன்னத்தில் படுக்க வைத்திருந்தது. இரண்டு வெளிச்சமும் ஒரு தலையில் சேராது. வெயிலில் நிற்கிற தோலின் மேல் விழும் நிழல் சாம்பலாக இருக்காது. அதே தோல்தான், கொஞ்சம் ஆழமாக இருக்கும். முப்பத்தொரு வருஷம் இந்த வேலை செய்கிறவள் இதை மறந்தது எப்படி?

மறுநாள் கிளைவிடம் சொன்னாள்.

"முக்காட்டை அதே வெயில்ல எடுக்கணும்."

"ஜூன் வருது, நோல். ஏப்ரல் வெயிலுக்கு எங்க போவே? வாடகைக்கு எடுப்பியா?"

"ஆகஸ்ட்ல திரும்ப வரும்."

அவன் சிரித்தான். அவள் சுவர்க் காலண்டரைக் கழற்றி அவன் மேசையில் வைத்தாள். ஜூன் இருபத்தொன்று வரைக்கும் சூரியன் வடக்கே போகும். பிறகு போன வழியே திரும்பும். ஏப்ரல் பதினெட்டிலிருந்து ஜூன் இருபத்தொன்றுக்கு அறுபத்துநாலு நாள். அதற்குப் பின்னால் அறுபத்துநாலு நாள் எண்ணினால் ஆகஸ்ட் இருபத்துநாலு. அன்றைக்கு, ஏறக்குறைய அதே மணிக்கு, வெயில் அதே சாய்வில் அதே பக்கத்திலிருந்து விழும். ஒரு நாள் முன்பின் ஆனாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

கிளைவ் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். "பள்ளிக்கூடத்துல இது எனக்கு யாரும் சொல்லித்தரலை," என்றான்.

"நீ போயிருந்தாத்தானே."

கொர்ராதா தொலைதூரத்தில் கராத்தா என்கிற ஊரில் வேலையில் இருந்தாள். முடியையும் குட்டையாக வெட்டிவிட்டாள். அக்காமார் மூவரும் வெளியூர். ஆகையால் முக்காட்டை அணிய நூன்சியாவே வர வேண்டியதாயிற்று. மகளுக்கு அமைந்த மூக்கும் கன்ன எலும்பும் அவளுடையவைதான், சதைதான் இறங்கியிருந்தது. நரைத்த தலையில் கறுப்புத் துணியைக் கட்டி, உள்ளே நூல்கண்டு வைத்து மகளின் கொண்டை அளவுக்கு மேடு செய்தார்கள்.

இருபத்துநாலாம் தேதி மேகம். இருபத்தைந்தாம் தேதி மதியத்துக்கு மேல் வானம் விட்டது. நோலீன், நூன்சியா, கிளைவ் மூவரும் துறைக்குப் போனார்கள். கல்யாணப் படத்தில் பின்னால் படகுக் கயிறு கட்டும் ஓர் இரும்புக் கட்டை தெரியும். நாலு ஐம்பதுக்கு அதன் நிழல், படத்தில் தொட்ட அதே பலகையைத் தொட்டது.

"இப்ப," என்றாள் நோலீன்.

"நான் சிரிக்கணுமா?" என்றாள் நூன்சியா.

"வேண்டாம். மூச்சுகூட மெதுவா விடுங்க, சின்யோரா."

"நாற்பது வருஷமா தையல் பொம்மையோட வாழுறேன். அது மாதிரி நிக்கத் தெரியாதா?"

கல்யாணத்தன்று லேசான காற்று இருந்தது. முக்காடு தொய்ந்து தொங்கினால் பொய் ஆகிவிடும். நிஜக் காற்று அடித்தாலோ, அடுத்தடுத்து எடுக்கப்போகிற படங்கள் ஒன்றுபோல் வராது. நூன்சியா பையிலிருந்து மீன் தூண்டில் நரம்பை எடுத்துக் கரையின் மூலையில் கோத்து, மறுமுனையைக் கட்டையில் கட்டினாள். முக்காடு காற்றில் விலகியதுபோல் நின்றது. நோலீனுக்கு அந்த யோசனை வந்திருக்கவில்லை. வந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

கிளைவ் முதலில் நூன்சியாவின் பின்னால் கறுப்புத் துணி பிடித்தான், நோலீன் ஒரு படம் எடுத்தாள். பிறகு வெள்ளைத் துணி, ஒரு படம். அப்புறம் முக்காட்டை மட்டும் எடுத்துவிட்டு, அவள் முகம் அசையாமலேயே மூன்றாவது படம். பத்து நிமிஷத்தில் வெயில் அலையாத்திக் காட்டுக்குள் இறங்கத் தொடங்கியது.

மிச்சம் பின்னறையில். கறுப்புக்கு முன்னும் வெள்ளைக்கு முன்னும் ஒரே மாதிரி தெரிகிற இடத்தில் துணி கெட்டி. பின்னால் இருப்பது முழுசாகத் தெரிகிற இடத்தில் துணியே இல்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ளதெல்லாம் வலை. அந்தக் கணக்கில் முக்காட்டைப் பிரித்தெடுத்தபோது, கத்தரி வைத்த ஓரம் என்று ஒன்று எங்கும் இல்லை. ஒற்றை வலை இருக்கும் இடத்தில் துறையின் தண்ணீர் தெரிந்தது. இரட்டையாக மடிந்த இடத்தில் மங்கலாகத் தெரிந்தது. வலைக்கு அடியில் வந்த கொர்ராதாவின் கூந்தலில் வெயில் பளபளப்பைக் கொஞ்சம் குறைத்தாள். நெற்றியோரம் காற்றில் பறந்த ஏழெட்டு முடிகளை மட்டும் லேஸுக்கு மேலே வரவிட்டாள், மற்றவை அடியில். லேஸ் கூந்தலைத் தொடும் இடத்தில் மயிரிழை அளவு இருட்டு.

நிழலை அவள் வரையவில்லை. முக்காடு போட்ட நூன்சியா, போடாத நூன்சியா; இரண்டு முகத்துக்கும் உள்ள வித்தியாசம் எதுவோ அதுதான் நிழல். அதை மட்டும் பிரித்தெடுத்து மகளின் முகத்தில் வைத்தாள். கன்ன எலும்பு ஏறும் இடத்தில் இழுத்து, தாடையோரம் தாயின் சதை தளர்ந்த இடத்தில் சுருக்கி, மகளின் முகத்துக்கு வளைத்தாள். லேஸின் இலைகள் பொட்டிலிருந்து கன்னத்தின் மேல் ஒவ்வொன்றாக விழுந்தன. வலையின் நிழல் இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குத்தான் இருந்தது. தூண்டில் நரம்பைக் கடைசியில் அழித்தாள்.

கிளைவ் வந்து திரையின் முன் நின்றான். "கல்யாணத்தன்னைக்கு நான்தானே எடுத்தேன் இந்தப் படத்தை?" என்றான். "அன்னைக்கு முக்காடு இருந்துதோன்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

படத்தை அச்சிட்டுச் சட்டம் போட்டதும் நூன்சியா வந்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். முதலில் இடது காதைப் பார்த்தாள். ஒட்டு இருந்தது. பிறகு வலைக்குப் பின்னால் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு கன்னத்தை. அங்கே அவள் விரல் நின்றது, சட்டத்தின் கண்ணாடியைத் தொடாமல்.

"காகிதத்துல சுத்திக் கொடு," என்றாள்.

செப்டம்பரில் திருவிழாவன்று மதியம் நோலீனையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர். கொர்ராதா கட்டைமுடியோடு உள்ளே வந்தாள், சுவரைப் பார்த்தாள். நான்கு ஆணியிலும் படம்.

"அம்மா, துறையில முக்காடு வேண்டாம்னு கழட்டுனியே. அப்புறம் எப்ப திரும்பப் போட்டுவிட்டே? எனக்கு ஞாபகமே இல்லையே."

நோலீன் தட்டைப் பார்த்துக்கொண்டாள். இந்தக் கேள்வி போதும் அவளுக்கு. இதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் நூன்சியா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"போட்டுவிடலை. கழட்டினது கழட்டினதுதான். அதைத் திரும்பப் போட்டது இவ." கரண்டி இருந்த கை நோலீன் பக்கம் நீண்டது. "நிழல் மட்டும் என்னோடது."

நோலீனைத் தவிர எல்லோரும் சாப்பாட்டை விட்டு எழுந்து சுவரடியில் கூடினார்கள். கொர்ராதா படத்தையும் தாயின் கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். யாரோ ஓர் அத்தான், எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்று காட்டச் சொன்னான். அவர்களாகவே தேடினார்கள், ஒருவர் காதைக் காட்டினார், ஒருவர் கொண்டையை.

"அங்க இல்ல," என்றாள் நோலீன் ஒவ்வொரு தடவையும். சாஸ் தொட்ட ரொட்டியை வாயில் போட்டு மென்றாள். சாப்பாடு நன்றாகவே இறங்கியது.